நாள் வட்டியிலிருந்து வங்கிக் கடனுக்கு: எந்தக் கடனை முதலில் அடைப்பது?

என் அம்மா நாகர்கோவிலில் ரோட்டோரம் காய்கறி விற்கிறார். விடியற்காலை நான்கரைக்கெல்லாம் வடசேரி கனகமூலம் சந்தையில் இருப்பார். வழுதலங்காய், தடியங்காய், சீனி அவரை, சேனை, மரச்சீனி என்று நாலாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து ஆட்டோவில் ஏற்றி, ஆறரைக்குள் சாக்கை விரித்துவிடுவார். 2022-இல் அவர் நாள் வட்டியை விட்டு ஒரு சின்ன வங்கிக் கடனுக்கு மாறினார். அந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்தது நான். அதே நிலையில் இருக்கிற யாருக்காவது பயன்படட்டும் என்று, செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

கடன் வாங்குவதைவிட, வாங்கிய பணத்தை எந்த வரிசையில் எங்கே போடுவது என்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. பலர் தவறுவதும் அங்கேதான். அதனால் அந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள்

அம்மாவுக்கு அப்போது இரண்டு கடன் இருந்தது. இரண்டுக்கும் தினமும் பணம் கொடுத்ததால் அவர் மனதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் உள்ளே ஓடுகிற கணக்கு முற்றிலும் வேறு.

ஒன்று தண்டல். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று அட்டையில் எழுதுவார்கள், கையில் தருவது 8,500. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டினால் கடன் முடியும். பார்த்தால் 1,500 ரூபாய் வட்டி, அதாவது 15 சதவீதம் மாதிரி தெரியும். உண்மையில் அந்த 8,500-உம் நூறு நாள் நம் கையில் இருப்பதில்லை. மறுநாளே நூறு ரூபாய் திரும்பப் போகத் தொடங்கிவிடும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

இன்னொன்று நாள் வட்டி. ஐயாயிரம் ரூபாய் முதல், தினமும் 50 ரூபாய் வட்டி. எத்தனை நாள் கட்டினாலும் முதல் ஒரு பைசா குறையாது. என்றைக்கு ஐயாயிரத்தையும் ஒரே கையாகக் கொடுக்கிறோமோ அன்றுதான் முடியும். ஒரு வருடம் கட்டினால் வட்டியாக மட்டும் 18,250 ரூபாய் போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். அம்மா இதை ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம் வாங்கினார். அந்த நாட்களில் சரக்கெல்லாம் கேரளாவுக்கு இழுக்கும், விலை ஏறும், அதே அளவு சரக்கு எடுக்க இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்து வாங்கியது பதினான்கு மாதம் ஓடியது.

ஒரு நாள் வியாபாரத்தை எழுதிப் பார்த்தோம். நாலாயிரத்துக்கு எடுத்த சரக்கு நாலாயிரத்து எண்ணூறுக்கு விற்கும். ஆட்டோ கூலியும் வாடிக் கழிந்ததும் சேர்த்து 350 போகும். மிச்சம் 450. அதில் 100 தண்டலுக்கு, 50 நாள் வட்டிக்கு. வீட்டுக்கு 300. மழை நாளில் அந்த முந்நூறும் இல்லை. நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தண்டல்காரருக்கு மழை நாள் என்று ஒன்று கிடையாது. அந்த நூறு ரூபாய் அப்போது சரக்குப் பணத்திலிருந்துதான் போகும்.

நீங்களும் ஒரு வாரம் இப்படி எழுதுங்கள். கடனுக்கு எதிரே இரண்டே கேள்வி போதும். நான் கட்டும் பணத்தில் முதல் குறைகிறதா? நாளைக்கே முழுவதும் கொடுத்தால் வட்டி மிச்சமாகுமா? நாள் வட்டியில் முதல் குறையாது, ஆனால் கொடுத்த நாளோடு வட்டி நிற்கும். தண்டலில் முதல் குறையும், ஆனால் வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டதால் சீக்கிரம் கொடுத்தாலும் ஒன்றும் மிச்சமாகாது. எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதற்கான பதில் இதிலேயே இருக்கிறது.

கடனுக்கு விண்ணப்பித்த கதை

நாங்கள் போனது பி.எம். ஸ்வநிதி திட்டத்துக்கு. சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கியது. அடமானம் வேண்டாம். அம்மா வாங்கியபோது முதல் கடன் 10,000 வரைதான். 2025 ஆகஸ்டில் திட்டத்தை நீட்டித்தபோது முதல் கடனை 15,000 வரை, இரண்டாவதை 25,000 வரை உயர்த்தினார்கள். மூன்றாவது 50,000 வரை. ஒன்றை ஒழுங்காகக் கட்டி முடித்தால்தான் அடுத்தது. 2030 மார்ச் 31 வரை இந்தக் கடன் கிடைக்கும்.

நம் மாவட்டத்தில் பலருக்கும் வருகிற சந்தேகம் ஒன்று: வீடு ஊராட்சியில், வியாபாரம் டவுனில். அப்போது எந்த அலுவலகம்? நீங்கள் எங்கே விற்கிறீர்களோ அந்த இடம்தான் கணக்கு. நாகர்கோவில் என்றால் மாநகராட்சி, தக்கலை என்றால் பத்மநாபபுரம் நகராட்சி, மற்ற இடங்களில் அந்தந்த நகராட்சியோ பேரூராட்சியோ.

முதல் வேலை ஆதாரில் இருக்கும் செல்போன் எண்ணைச் சரிபார்ப்பது. அம்மாவின் ஆதாரில் இருந்தது மாமாவின் பழைய எண், அது உயிரோடே இல்லை. ஒரு முறை வரும் கடவு எண் அந்த எண்ணுக்குத்தான் போகும், அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றிய பிறகுதான் அடுத்த படி. அப்படியே வங்கிக் கணக்கும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் வரவு செலவு இல்லாத கணக்கை முடக்கி வைத்திருப்பார்கள். ஆதாரில் ஒரு பெயரும் வங்கியில் வேறு எழுத்துக் கூட்டலும் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் சாலையோர வியாபாரி என்பதற்கான ஆதாரம். உள்ளாட்சி எடுத்த கணக்கெடுப்பில் பெயர் இருந்து அடையாள அட்டை இருந்தால் வேலை சுலபம். அம்மாவிடம் அது இல்லை. கணக்கெடுக்க வந்த அன்று அவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். அப்படி விடுபட்டவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று உண்டு. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தோம்: எந்த இடத்தில், எத்தனை வருடமாக, என்ன விற்கிறார் என்று. சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றும் வைத்தோம். அலுவலர் ஒருவர் இடத்துக்கே வந்து, பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுப் போனார். கடிதம் வந்தது.

மூன்றாவது, விண்ணப்பம். pmsvanidhi.mohua.gov.in என்ற தளத்தில் நாமே போடலாம், பொது சேவை மையத்திலும் போடலாம். எந்த வங்கியில் கடன் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும். பட்டியலில் வங்கிகளோடு நுண்கடன் நிறுவனங்களும் இருக்கும். அரசு தரும் வட்டி மானியம் எங்கே வாங்கினாலும் அதே 7 சதவீதம்தான். நுண்கடன் நிறுவனத்தின் வட்டி வங்கியைவிட அதிகம் என்பதால் வித்தியாசம் முழுவதும் நம் தலையில் விழும். அதனால் ஏற்கெனவே கணக்கு இருக்கிற வங்கிக் கிளையையே குறியுங்கள்.

எங்களுக்கு அந்தக் கிளையில்தான் இழுத்தது. ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மறுமுறை போனபோது வைப்புத்தொகை ஏதாவது போடச் சொன்னார்கள். இரண்டுமே இந்தக் கடனுக்குத் தேவையில்லை. அம்மா திரும்பிவிடலாம் என்றார். "மக்ளே, இவங்க தரமாட்டாங்க. நாளைக்கு சரக்கெடுக்க தண்டல்காரன் இருக்கான்லா, விடு" என்றார். நான் ஒரு தாளில், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, மறுக்கிறீர்கள் என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை கேட்டேன். நான்காம் நாள் கூப்பிட்டார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் அந்த நகலோடு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம்.

ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் வங்கியைக் குறை சொல்ல முடியாது. வேறு கடனில் தவணை தவறி நிலுவை இருந்தால் அவர்கள் தயங்குவார்கள். குழுக்கடன் என்று வாங்கி மறந்துபோனது கூட அந்தப் பதிவில் வரும். அதை முதலில் கட்டிவிட்டுப் போங்கள்.

பணம் வந்த அன்று

பத்தாயிரம் கணக்கில் ஏறிய நாள் தண்டல் அட்டையில் 62 கட்டம் நிறைந்திருந்தது. பாக்கி 38 நாள், 3,800 ரூபாய். நாள் வட்டியில் 5,000 அப்படியே. இரண்டையும் சேர்த்தால் 8,800. அம்மாவுக்கு ஒரே எண்ணம்: ரெண்டு பேரையும் இன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். தீர்த்திருந்தால் கையில் 1,200 ரூபாய்தான் இருந்திருக்கும். தண்டலுக்கு எடுத்துக் கொடுத்த 3,800-ஆல் வட்டியும் மிச்சமாகியிருக்காது, மழையில் நாலு நாள் படுத்தால் சரக்கெடுக்கவும் பணம் இருந்திருக்காது. ஐந்தாம் நாள் அவர் அதே தண்டல்காரரிடம்தான் போய் நின்றிருப்பார். வங்கிக் கடன் வாங்கிய பிறகும் பலர் பழைய இடத்துக்கே திரும்புவது இப்படித்தான்.

நாங்கள் செய்தது இது. நாள் வட்டிக்காரருக்கு அன்று மாலையே ஐயாயிரத்தையும் கொடுத்தோம். அந்த ஒரு கையில் தினம் 50 ரூபாய், மாதம் 1,500 நின்றுபோனது. வங்கித் தவணையோ மாதம் 889 தான். பழைய வட்டி நின்ற பணத்திலேயே புதிய தவணையைக் கட்டி, மேலும் அறுநூறு மிச்சம்.

தண்டலை அப்படியே ஓடவிட்டோம். முன்னதாக முடித்தால் ஏதாவது கழித்துக் கொள்வீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டோம், அவர் முடியாது என்றார். கழிவு தந்தால் அந்தத் தொகையைப் பார்த்து முடிவு செய்யலாம். தராவிட்டால் அவசரப்பட ஒன்றுமில்லை, தினம் நூறு கட்டி நூறாம் நாள் முடித்தாலே போதும். மீதி 5,000 அம்மாவின் சரக்கு முதலாகக் கணக்கில் நின்றது.

அந்த 38 நாளுக்குள் ஒரு பொறி உண்டு. எழுபதாம் நாள் தண்டல்காரர் சாக்குப் பக்கத்தில் குனிந்து, "எக்கா, அட்டை முடியப் போகுதுல்லா, புதுசு போட்டுத் தரட்டா?" என்று கேட்டார். முன்பெல்லாம் அம்மா தலையாட்டிவிடுவார். அந்தப் புதுசின் கணக்கைப் பாருங்கள். மறுபடி பத்தாயிரம் என்று எழுதி, அதில் 1,500 வட்டி பிடித்து, பழைய பாக்கி 3,000-ஐயும் கழித்து, கையில் 5,500 தருவார். அந்த 3,000-க்கு முதல் அட்டையிலேயே வட்டி எடுத்தாயிற்று. இப்போது அதே மூவாயிரத்துக்கு இரண்டாம் முறை வட்டி கொடுக்கிறோம். மூன்று வருடத்தில் அம்மா எத்தனை அட்டை மாற்றினார் என்று கேட்டேன், அவருக்கு எண்ணிக்கை தெரியவில்லை. அட்டை முடியும் முன் புதுசு எடுப்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். அம்மா அன்று, "இப்பம் வேண்டாம் தம்பி, முடியட்டும் பாப்போம்" என்றார். சண்டை போட வேண்டியதில்லை, அவ்வளவு சொன்னால் போதும்.

கொடுத்த தாளைத் திரும்ப வாங்குங்கள்

நாள் வட்டிக்காரரிடம் அம்மா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் பிராமிசரி நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தொகையும் தேதியும் எழுதாத அந்தத் தாளில் பின்னால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். அதனால் பணத்தைத் தனியாகப் போய்க் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். முதலில் தாளை மேலே எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பணத்தை எண்ணுங்கள். தாளைக் கையில் வாங்கி, அது உங்கள் கையெழுத்துதான் என்று பார்த்து, அங்கேயே கிழித்துவிடுங்கள். எங்களிடம் முதலில் "தாள் வீட்ல கிடக்கு, நாளைக்குத் தாறேன்" என்றார். அப்படியானால் பணமும் நாளைக்கே என்று நின்றோம், அரை மணி நேரத்தில் தாள் வந்தது. அது தொலைந்துவிட்டது என்று சொன்னால், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், அந்த நோட்டு இனிச் செல்லாது என்று எழுதி வாங்கி, சாட்சியிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஏ.டி.எம். அட்டை, ரேஷன் கார்டு, காசோலை எதைக் கொடுத்திருந்தாலும் இதே முறைதான்.

மிரட்டினாலோ கொடுத்த பிறகும் கேட்டாலோ, 2003-இல் வந்த தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போலீஸிலோ ஆட்சியரிடமோ மனு கொடுக்கும்போது தண்டல் அட்டையின் படம் பெரிய ஆதாரம். அதனால் அட்டையை இரண்டு பக்கமும் இப்போதே படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

மாதத் தவணைக்குத் தினம் எடுத்து வைப்பது

தினம் கொடுத்துப் பழகியவருக்கு மாதத் தவணை கனமாகத் தெரியும். வாசலில் வந்து கேட்க ஆள் இல்லை, முப்பது நாளும் பணம் கையில் இருக்கும், செலவாகிவிடும். 889-ஐ முப்பதால் வகுத்தால் 30 ரூபாய். தண்டல்காரர் வரும் அதே நேரத்தில் அம்மா 30 ரூபாயை மிளகாய்ப்பொடி டப்பாவில் போடுவார். சனிக்கிழமை அதை நான் கணக்கில் கட்டுவேன். கியூ.ஆர். அட்டையில் வரும் பணமும் கடன் இருக்கிற அதே கணக்குக்கே வரும்படி செய்தோம். அதற்கு மாதம் நூறு ரூபாய் வரை கேஷ்பேக்கும் அப்போது கிடைத்தது.

நான்காம் மாதம் ஒரு பிழை நடந்தது. தவணை தேதிக்கு முந்தின நாள் பள்ளிக் கட்டணத்துக்காக நான் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாள் 400 ரூபாய் குறைந்ததால் தவணை திரும்பியது, அபராதமும் பிடித்தார்கள். இரண்டு நாளில் கட்டிவிட்டோம், அதற்கு மேல் பாதிப்பில்லை. ஆனால் தொண்ணூறு நாள் நிலுவை நின்றால் அது வாராக்கடன் ஆகும். அப்படி ஆனால் மானியமும் போகும், அடுத்த கடனும் போகும். தவணை தேதிக்கு முந்தின மூன்று நாள் அந்தக் கணக்கில் கை வைப்பதில்லை என்று அதற்குப் பிறகு வைத்துக் கொண்டோம்.

வருட முடிவில் பாஸ்புக்கைப் பார்த்தேன். 12 சதவீத வட்டியில் பத்தாயிரத்துக்கு மொத்த வட்டி 662 ரூபாய். 7 சதவீத மானியமாகத் திரும்ப வந்தது 380 சொச்சம். அம்மாவின் கையிலிருந்து போனது 280 ரூபாய். அது ஆறு நாள் நாள் வட்டி.

எங்கே இது போதாது

பழைய கடன் ஐம்பதாயிரம் அறுபதாயிரம் என்று நின்றால் பதினைந்தாயிரத்தால் எல்லாவற்றையும் அடைக்க முடியாது. அப்போதும் வரிசை இதேதான்: முதல் குறையாத கடன்களில் மிகச் சின்னதை எடுத்து முழுதாக முடிப்பது, நின்ற வட்டியைச் சேர்த்து அடுத்ததை முடிப்பது. மகளிர் குழு வழியாகவும், கூட்டுறவு வங்கியின் சிறு வணிகக் கடனாகவும், முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 வரையும் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ இந்தக் கடனை எடுக்காதீர்கள். தவணையைக் கட்டுவது சரக்கு, அந்தப் பணம் சரக்கில்தான் சுற்ற வேண்டும்.

கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று எழுத்தில் வாங்குங்கள், தளத்திலும் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். கிளையில் பணம் கட்டியாகிவிட்டது, கணினியில் மூடவில்லை என்பதால் இரண்டாம் கடன் நிற்பது உண்டு. அம்மாவுக்கு அது இரண்டு வாரம் நின்றது. பிறகு 20,000 வந்தது. அதில் பாதியைக் கணக்கிலேயே வைத்துவிட்டு, மீதியில் சேனையும் தடியங்காயும் மூட்டையாக எடுத்தார். இரண்டும் பத்து நாள் வைத்தாலும் கெடாது, மூட்டை விலைக்கும் சில்லறை எடுப்புக்கும் கிலோவுக்கு நாலைந்து ரூபாய் வித்தியாசம் இருந்தது. அந்த வருடம் ஓணத்துக்கு அவர் யாரிடமும் போகவில்லை.